ஜேசுபாதம் அண்ணாச்சியின் திரும்பும் டிக்கெட்

ஜேசுபாதம் அண்ணாச்சி அறுபத்து மூன்று வயது வரை திரும்பும் டிக்கெட் என்று ஒன்றை எடுத்ததே இல்லை. முப்பத்தாறு வருடம் தோணியில் கடல் தாண்டிப் போய் வந்தவர். தோணி என்றதும் வெளியூர்க்காரர்கள் குளத்தில் விடும் ஓடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது முந்நூறு டன் சரக்கு பிடிக்கும் மரக்கப்பல். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும். பதினெட்டு வயதில் சமையல் ஆளாக ஏறியவர், கடைசிப் பத்து வருடம் தண்டலாக, அதாவது அந்தக் கப்பலை நடத்துகிறவராக இருந்துவிட்டு இறங்கினார். கப்பல் போனால் அவரும் போவார், கப்பல் திரும்பினால் அவரும் திரும்புவார். அவருக்கு டிக்கெட் எதற்கு?

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி நான்.

என் பெயர் பொன்செல்வி. பழைய துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் பதினேழு வருடமாக கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பான் கார்டு, வருமானச் சான்று, பாஸ்போர்ட், விசா என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் தொழில். காலையில் ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் வரை ஒரே கேள்விதான். "யக்கா, கெடச்சிட்டா? வந்துட்டா?" பதில் மெயில் வந்தால் நான் எல்லாவற்றையும் வாசிக்க மாட்டேன். ஒப்புதலா, நிராகரிப்பா என்ற அந்த ஒற்றை வார்த்தையைத் தேடிப் பிடிப்பேன். பதினேழு வருடத்தில் கண் அப்படிப் பழகிவிட்டது. முழுசும் வாசித்துக்கொண்டிருந்தால் வாசலில் நிற்கிற கூட்டம் என்னைத் தின்றுவிடும்.

அண்ணாச்சி வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. திரேஸ்புரத்தில் வீடு. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. தினமும் காலைப் பூசை முடிந்ததும் பழைய துறைமுகம் வரை நடந்து வந்து, எந்தத் தோணி வந்திருக்கிறது, எது சரக்கு ஏற்றுகிறது என்று பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் என் கடை வாசலில் அரை மணி நேரம் உட்காருவார். பேச்சு அதிகம் கிடையாது. யாராவது மின்விசிறியை வேகமாக வை என்றால் மட்டும், "அந்தக் காத்து போதும்ல. மனுசன் என்ன கருவாடா காயிறதுக்கு" என்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிற நாட்களில் அவர் அங்கே உட்கார்ந்திருப்பது எவ்வளவோ ஆறுதலாக இருக்கும்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் அவர் வாசலில் உட்காராமல் நேராக உள்ளே வந்தார்.

"எங்க அக்காவுக்கு ரொம்ப முடியலளா. ஸ்டெபின் போன் பண்ணுனான். நான் கொழும்புக்குப் போவணும்."

அக்கா ஆக்னஸ். அண்ணாச்சியைவிட ஒன்பது வயது மூத்தவள். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அவருக்குப் பதினோரு வயது இருக்கும்போது, கொழும்பில் கடை வைத்திருந்த சொந்தக்காரப் பையனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்து, ராமேஸ்வரத்தில் கப்பலேற்றி அனுப்பினார்கள். அங்கே கொட்டாஞ்சேனையில் வாழ்க்கை. ஸ்டெபின் அவளுடைய கடைசி மகன். அண்ணாச்சி தோணிக்குப் போனதே அக்காவைப் பார்க்கத்தான் என்று திரேஸ்புரத்தில் கேலி செய்வார்கள். அதில் உண்மையும் இருந்தது. கொழும்புத் துறையில் தோணியைக் கட்டியதும் கப்பல் ஏஜெண்ட் ஆட்களின் பட்டியலோடு வருவார், அதிகாரி சரிபார்ப்பார், கரையில் இறங்கிப் போய்வர ஒரு சீட்டு கிடைக்கும். மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போனால், இவர் தூத்துக்குடி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு அக்கா வீட்டுக்குச் சோறு சாப்பிடப் போய்விடுவார்.

வேலையை விட்டபின் அந்தச் சீட்டு கிடையாது. ஒன்பது வருடமாக அக்காவும் தம்பியும் போனில்தான் பேசிக்கொண்டார்கள். இப்போது அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்களாம்.

"என்னய ஒருவாட்டி பாக்கணும்னு சொல்லுதாளாம்," என்றார். சொல்லிவிட்டு மேலே சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே விண்ணப்பம் போட்டேன். இலங்கைக்குப் போக ஆன்லைனில் முன் அங்கீகாரம் வாங்க வேண்டும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, போகும் தேதி, தங்கும் விலாசம், எதற்காகப் போகிறார் என்பது. சொந்தக்காரரைப் பார்க்க என்று குறித்தேன். மறுநாள் மத்தியானத்துக்குள் மெயில் வந்துவிட்டது. மேலே பெயர், அதன்கீழ் பாஸ்போர்ட் எண், அதன்கீழ் கொட்டை எழுத்தில் ஒப்புதல். முப்பது நாள்.

"கெடச்சிட்டு அண்ணாச்சி!" என்றேன்.

அவர் பேப்பரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "விசா வந்துட்டா?"

"வந்துட்டு. இனி யாரும் உங்கள ஒண்ணும் கேக்க முடியாது."

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். என் வாயால், என் கடையில், நாலு பேர் முன்னால் சொன்னேன். அந்தப் பேப்பரில் ஒப்புதல் என்ற வார்த்தைக்குக் கீழே இன்னும் பன்னிரண்டு வரி இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. அவர் லேமினேட் பண்ணித் தரச் சொன்னார், பண்ணிக் கொடுத்தேன். அவ்வளவு முக்கியமான பேப்பரை வெறுமனே கையில் கொண்டுபோக அவருக்கு மனசில்லை.

பிறகு டிக்கெட். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். "திரும்புறதுக்கு எந்த தேதி போட?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு? நம்ம ரெக்ஸ் தோணி பதினாலாம் தேதி வாக்குல கொழும்புல நிக்கும். அதுல வந்துருவேன்."

ரெக்ஸ் அவருக்குத் தூரத்து மருமகன் முறை. அண்ணாச்சியிடம் தொழில் படித்து இப்போது தண்டலாக இருப்பவன்.

"நீங்க இப்ப ஆள் பட்டியல்ல கெடையாதே அண்ணாச்சி."

"ரெக்ஸ் எழுதிச் சேத்துக்கிடுவான். என் சீமான் புக்கு கையிலதான இருக்கு. முப்பத்தாறு வருசமா அப்படித்தானளா வாரேன்."

சீமான் புக்கு என்று அவர் சொல்வது கப்பல்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அடையாளப் புத்தகம். அது காலாவதியாகி வருடக்கணக்கு ஆகிறது. நான் ஒரு தடவை மறுத்துப் பேசினேன். இரண்டாவது தடவை பேசியிருக்க வேண்டும். ஆனால் அன்று காலையிலிருந்து சர்வர் படுத்துக்கொண்டிருந்தது, எதிரே ஒரு பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சாதிச் சான்றுக்கு நின்றாள், எனக்குத் தலைவலி. கடலில் போய் வந்தவருக்குத் தெரியாததா என்று ஒற்றை டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை விடியுமுன்னே பஸ் பிடித்து மதுரைக்குப் போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு தோள்பை, அதில் அக்காவுக்கு இரண்டு பொட்டலம் மக்ரூன். பாஸ்போர்ட்டும் லேமினேட் பேப்பரும் சட்டைப் பையில். சீமான் புக்கையும் எடுத்துப் போயிருக்கிறார்.

மதுரை விமான நிலையத்திலேயே முதல் மணி அடித்திருக்கிறது. பெட்டி போடும் இடத்தில் இருந்த பெண், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்டாள். இவர் லேமினேட் பேப்பரைக் காட்டினார். "இது இருந்தா பிளேன்ல ஏறலாம் சார். அங்க எறங்குனா அவங்க கேப்பாங்க. உள்ள விடலன்னா திரும்பக் கூட்டிட்டு வர வேண்டியது எங்க தலையில விழும்," என்று சொல்லி, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். நாட்டுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் அது என் பொறுப்பு என்று எழுதியிருந்த காகிதம். இவர் போட்டுக் கொடுத்தார். தோணியில் எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இதுவும் ஒன்று என்று நினைத்திருப்பார். எனக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

பிற்பகல் ஒரு மணி இருக்கும். சாப்பிடக் கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன், வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"பொன்செல்வி அக்காவா? நான் ஸ்டெபின். கொழும்பு எயார்போர்ட்ல நிக்கிறன். மாமாவ உள்ள விட மாட்டம் எண்டு சொல்றாங்க. நீங்கதானே டிக்கெட் போட்டுக் குடுத்தது?"

"விசா இருக்கே தம்பி! ஒப்புதல் ஆன பேப்பர் கையில இருக்கே!"

"அத காட்டினவராம். அது விசா இல்லையாம் அக்கா."

அவன் சொன்னதையும், பிற்பாடு அண்ணாச்சி சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இதுதான். கவுண்டரில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். எதற்கு வந்தீர்கள்? அக்காவைப் பார்க்க. எத்தனை நாள்? பத்துப் பன்னிரண்டு நாள். திரும்பும் டிக்கெட்? தோணியில் போவேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் கப்பல் ஆளா? ஆமாம் என்று இவர் பெருமையாக சீமான் புக்கை எடுத்து நீட்டியிருக்கிறார். காலாவதியான புத்தகம். கப்பல் ஆள் என்றால் எந்தக் கப்பல், ஏஜெண்ட் கடிதம் எங்கே? ஊர் பார்க்க வந்தவர் என்றால் திரும்பும் டிக்கெட் எங்கே? வேலைக்கு வந்திருக்கிறாரா, தங்கிவிட வந்திருக்கிறாரா, அந்த மனிதர் எதை நம்புவார்? இவரோ எதிர்த்துக் கேட்டிருக்கிறார்: "அய்யா, விசா ஒத்துக்கிட்டு மெயில் அனுப்பிட்டீங்க. யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுன்னு சொன்னாங்களே?"

என் வாக்கியம். கடல் தாண்டிப் போய் அந்தக் கவுண்டரில் விழுந்திருக்கிறது.

சோற்றை மூடி வைத்துவிட்டு, அந்த மெயிலைத் திறந்தேன். முதல் முறையாக மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். இது பயணம் செய்வதற்கான முன் அங்கீகாரம் மட்டுமே. வந்து இறங்கும் இடத்தில் குடிவரவு அதிகாரி விசாரித்து உள்ளே வரும் அனுமதி கொடுப்பார். அவர் கேட்டால் காட்ட வேண்டியவை: வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், திரும்பிப் போகும் டிக்கெட், தங்கும் நாட்களுக்கு வேண்டிய பணம் இருப்பதற்கான அத்தாட்சி. எல்லாம் அச்சில் இருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு வரலாம் என்று சொல்லியனுப்பியது ஒரு ஆள், கதவைத் திறக்க வேண்டியது வேறு ஆள். விமானத்தில் ஏறவும் அந்தக் கவுண்டர் முன்னால் போய் நிற்கவும்தான் அந்தப் பேப்பர் உதவும். அதற்கு மேல் அந்தக் கவுண்டரில் இருப்பவர் பார்த்து, கேட்டு, முடிவு செய்வார். எனக்கு இது தெரியாதா? நூறு மெயிலில் இதே மாதிரி வரிகள் போயிருக்கின்றன. நான் ஒன்றையும் வாசித்ததில்லை என்பதுதான் விஷயம்.

உடனே பத்து நாள் கழித்துத் திரும்ப ஒரு டிக்கெட் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஸ்டெபினுக்கும் அண்ணாச்சி போனுக்கும் அனுப்பினேன். ஸ்டெபின் தன் அடையாள அட்டையையும் அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒரு ஊழியர் மூலமாக உள்ளே கொடுத்து அனுப்பினான். கடைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மறுபடி ஸ்டெபின். பின்னால் ஒரே சத்தம்.

"அம்மாவும் வந்திட்டா அக்கா. வர வேணாம் எண்டு சொன்னன், கேக்கேல்ல. நேத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவ, அதால எழும்பி நடக்க ஏலுது எண்டு முச்சக்கர வண்டி பிடிச்சு வந்திட்டா. வெளிய கதிரைல இருக்கிறா."

உள்ளே ஒரு பெஞ்சில் தம்பி. வெளியே ஒரு நாற்காலியில் அக்கா. நடுவில் ஒரு கவுண்டரும் இரண்டு கதவும். நாற்பது அம்பது மீட்டர் இருக்கும் என்று ஸ்டெபின் சொன்னான்.

திரும்பும் டிக்கெட்டை அதிகாரி வாங்கிப் பார்த்தாராம். கேட்டபின் எடுத்த டிக்கெட், சொன்ன காரணமும் காட்டிய புத்தகமும் பொருந்தவில்லை, ஒரே நாளில் இரண்டு விதமாகப் பேசுகிறார் என்று விஷயம் மேலதிகாரியிடம் போயிருக்கிறது. அவர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு மறுபடி கேட்டிருக்கிறார். கடலில் புயலுக்குப் பதில் சொன்ன மனிதருக்கு ஒரு மேசைக்குப் பதில் சொல்ல வரவில்லை. முடிவு மாறவில்லை. சாயங்காலம் மதுரை திரும்பும் விமானத்தில் ஏற்றி அனுப்புவது என்று எழுதிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள்.

போவதற்கு முன் அக்காவுக்கும் தம்பிக்கும் போன் போட்டுக் கொடுத்திருக்கிறான் ஸ்டெபின். ஐந்து நிமிடம் பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

"அம்மா சாப்பிட்டியா எண்டு கேட்டவ. பிறகு ரெண்டு பேரும் சும்மா போனப் பிடிச்சுக்கொண்டு இருந்தாங்க."

மறுநாள் காலை கடை வாசலில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அதே வேட்டி சட்டை, கசங்கிப் போயிருந்தது. நான் சாவியைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன்.

"என்ன மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நான் வாசிக்காமச் சொல்லிட்டேன்."

"நான் மட்டும் நீ சொன்னதக் கேட்டனாக்கும்?" என்றார். "டிக்கெட்டு போடவான்னு நீ கேக்கத்தான செஞ்ச." தோள்பையிலிருந்து மக்ரூன் பொட்டலங்களை எடுத்து என் மேசையில் வைத்தார். ஒன்று நசுங்கியிருந்தது. "பிள்ளைகளுக்குக் கொடு."

அவர் திட்டியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். திட்டவில்லை.

அடுத்த நாளே மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றேன். இந்தத் தடவை ஸ்டெபினிடமிருந்து அழைப்புக் கடிதம், அண்ணாச்சியின் பேங்க் பாஸ்புக் நகல், அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, திரும்பும் டிக்கெட், எல்லாம் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறேன், சீமான் புக்கைத் தொடவே கூடாது என்றேன். தலையை ஆட்டினார். ஆனால் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான்கு நாள் பொறுத்துவிட்டுத் திரேஸ்புரத்துக்கு நானே போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் படுத்திருந்தார். எதிர்ச் சுவரில் மாதா படமும், அதன்கீழ் அவர் தண்டலாக இருந்த தோணியின் போட்டோவும்.

"பாஸ்போர்ட்டத் தாங்க. விண்ணப்பம் போட்டுருவோம்."

"வேண்டாம் பொன்செல்வி."

"ஏன்?"

"நான் அந்த ஊருக்கு எத்தன தடவ போயிருக்கேன். அங்கன உள்ள அதிகாரி எத்தன பேரு என்னக் கப்பல்ல வந்து பாத்து, டீ குடிச்சிட்டுப் போயிருக்காவ. என்னய ஒரு பெஞ்சில உக்கார வச்சி, கழிப்பறைக்குப் போகவும் ஆளு கூட வந்தான்ளா. மறுபடி அங்க போயி நிக்க எனக்கு மூஞ்சி இல்ல."

"அக்கா காத்துக்கிட்டு இருக்காவ."

"தெரியும்ளா."

எனக்குக் கோபம் வந்தது. "உங்க மானம் பெருசா, அக்கா பெருசா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான், யார் யாரிடம் கத்துகிறது என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

ஆனாலும் விடவில்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை போனேன். ஒரு நாள் சோறு கொண்டுபோனேன், ஒரு நாள் ஸ்டெபினை வீடியோவில் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஆக்னஸ் அக்காவின் முகம் திரையில் வீங்கிப்போய்த் தெரிந்தது. "ஏலே, எப்பம்லே வார?" என்றாள். அம்பது வருடம் கொட்டாஞ்சேனையில் இருந்தும் அந்தப் பேச்சு மட்டும் மாறவே இல்லை. அண்ணாச்சி, "வாரேன்க்கா" என்றார். அதற்கும் மூன்று நாள் கழித்துத்தான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கொழும்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு அன்றோடு பத்தொன்பது நாள்.

அன்று கடையை ஒரு மணி நேரம் சாத்தினேன். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, அவரை எதிரே உட்கார வைத்து, நான் அதிகாரியாக மாறினேன்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"அக்காவப் பாக்க. முடியாம இருக்கா."

"எங்க தங்குவீங்க?"

"அக்கா வீட்ல. கொட்டாஞ்சேனை." விலாசத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எப்ப திரும்புவீங்க? எதுல?"

அவர் கண் தானாகவே ஜன்னல் பக்கம் போயிற்று. துறைமுகம் அந்தத் திசையில்தான். "பிளேன்ல," என்றார். "டிக்கெட் இருக்கு."

"அவ்வளவுதான் அண்ணாச்சி. கேட்டதுக்கு மட்டும் பதில். உள்ளத மட்டும் சொல்லணும். பழைய கத ஒண்ணும் வேண்டாம். இதெல்லாம் சரியா இருந்தாலும் முடிவு அவுங்க கையிலதான். விடாம இருக்கவும் அவுங்களால முடியும். அத நான் இப்பவே சொல்லிருதேன்."

"இப்பமாச்சும் சொன்னியே," என்றார். அந்த மூன்று வாரத்தில் அன்றுதான் சிரித்தார்.

மெயில் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் பதினொரு மணிக்கு வந்தது. அதே கொட்டை எழுத்து, ஒப்புதல். நான் போனை எடுத்து அவருக்கு அடிக்கப் போனபோது, அவரே ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். நடையில் ஒரு அவசரமும் இல்லை. வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, மெயில் வந்துட்டு."

"காலையில ஏழு மணிக்கு அக்கா போயிட்டாளாம்," என்றார்.

நான் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன். வரிசையில் நின்ற இரண்டு பேர் ஒன்றும் கேட்காமல் வெளியே போய் நின்றுகொண்டார்கள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அழவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

"அதுதானா?"

"ஆமா."

"வாசி. முழுசும் வாசி."

வாசித்தேன். பெயரிலிருந்து ஆரம்பித்தேன். பாஸ்போர்ட் எண்ணைக் கையில் இருந்த பாஸ்போர்ட்டோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்துச் சொன்னேன். ஒப்புதல் என்பதையும் வாசித்தேன். அதற்கும் கீழே இருந்த பன்னிரண்டு வரியையும் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். இது பயண அங்கீகாரம் மட்டுமே. அனுமதி கொடுப்பதும் கொடுக்காததும் இறங்கும் இடத்தில் உள்ள அதிகாரியின் முடிவு. ஆறு மாதம் செல்லும் பாஸ்போர்ட். திரும்பும் டிக்கெட். செலவுக்குப் பணம். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். முடியும் வரை ஒரு வரியிலும் அவர் தலை அசையவில்லை.

"நாளைக்கழிச்சு அடக்கம். நாளைக்கு டிக்கெட் போடு. திரும்புறதுக்கும் சேத்துப் போடு, ஏழாம் நாளு."

போட்டேன். அழைப்புக் கடிதத்துக்குப் பதிலாக ஸ்டெபின் அனுப்பிய ஆஸ்பத்திரி மரணச் சீட்டின் நகலை எடுத்து, மற்ற காகிதங்களோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தேன். மெயிலை லேமினேட் பண்ணவா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் காலைப் பூசை முடிந்து, பழைய துறைமுகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கடை வாசலுக்கு வந்தார். முகம் மழித்திருந்தார். கையில் ஒரு பொட்டலம், கொழும்பு பிஸ்கட்.

"சொன்ன தேதிக்கு வந்துட்டேன்ளா," என்றார்.

"கவுண்டர்ல என்ன கேட்டாவ?"

"எதுக்கு வந்தேன்னு கேட்டாரு. அக்கா அடக்கம்னேன். எப்பத் திரும்புவன்னாரு. டிக்கெட்டக் காட்டுனேன். மொகத்தப் பாத்தாரு, பாஸ்போர்ட்ல சீல் குத்திக் கொடுத்துட்டாரு." ஒரு லாரி வெங்காய மூட்டையோடு துறைமுகத்துக்குப் போயிற்று.

"ரெண்டு நிமிசம் ஆவல பொன்செல்வி. அவ உசுரோட வெளிய உக்காந்திருந்த அன்னைக்கு, அந்த ரெண்டு நிமிசம் எனக்குக் கெடைக்காமப் போச்சே."